வரிசையாக மனப்பாடம், வரிசையற்ற கேள்விகள்: ஆங்கில இலக்கியத் தாளுக்கான ஒரு பருவத் தயாரிப்பு — நிகழ்வு ஆய்வு

பின்னணி

பதினாறு வயது மாணவி. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது ஆங்கிலம். ஆங்கில இலக்கியத் தாளில் அவருக்கு மூன்று பகுதிகள் இருந்தன: ஷேக்ஸ்பியரின் மேக்பெத், ஜார்ஜ் ஆர்வெல்லின் அனிமல் ஃபார்ம், கடைசியாக ஒரு சிறு கவிதைத் தொகுப்பு. தேர்வறைக்குள் நூலை எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஒன்றுக்கு 45 நிமிடம். பாத்திரத்தைப் பற்றியோ கருப்பொருளைப் பற்றியோ கேள்வி வரும். நூலின் சொற்களைக் காட்டி வாதிட்டால்தான் மேல்நிலை மதிப்பெண் கிடைக்கும்.

பருவம் 13 வாரம். மாணவி உழைப்பில் குறை வைப்பவர் அல்ல. முதல் ஐந்து வாரங்களில் ஒரு நோட்டு முழுக்க 112 மேற்கோள்களை எழுதி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் உருப்போட்டார். அவரிடம் இருந்த சிக்கல் சோம்பலால் வந்ததல்ல. அதனால்தான் இந்த நிகழ்வைப் பதிவு செய்வது பயன்படும்.

ஆங்கில மேற்கோள்களை இந்தக் கட்டுரையில் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். மாணவி அவற்றை ஆங்கிலத்தில்தான் எழுதினார்.

முதல் ஐந்து வாரங்கள்

நோட்டில் மேக்பெத்துக்கு மட்டும் 64 மேற்கோள்கள். முதல் அங்கம் முதல் காட்சியில் தொடங்கி ஐந்தாம் அங்கம் வரை, நூலில் வரும் அதே வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பொருள். பக்கத்தைப் படிப்பார், மூடுவார், மனதுக்குள் சொல்வார், மீண்டும் படிப்பார். நான்காம் வார இறுதியில் முதல் இரண்டு அங்கங்களின் மேற்கோள்களைத் தடங்கலின்றி ஒப்பித்தார்.

பாத்திரங்களுக்கு வேறொரு நோட்டு. ஒவ்வொரு பெயரின் கீழும் ஐந்தாறு பண்புச் சொற்கள் இருந்தன. மேக்பெத்: வீரன், பேராசைக்காரன், கொடியவன், மனைவி சொல் கேட்பவன், குற்ற உணர்வு உள்ளவன். குதிரை பாக்ஸர்: பலசாலி, விசுவாசி, கடின உழைப்பாளி.

ஐந்தாம் வாரம் வகுப்புத் தேர்வு. கேள்வி, மேக்பெத்துக்கும் அவன் மனைவிக்கும் இடையேயான உறவு நாடகம் நெடுக எப்படி மாறுகிறது என்பது. 30-க்கு 13 மதிப்பெண் வந்தது. கட்டுரையில் மூன்றே மேற்கோள்கள். அவற்றில் இரண்டில் சொற்கள் பிசகியிருந்தன. 64 மேற்கோள் தெரிந்தவரின் கட்டுரை அது.

கவனித்தவை

ஆசிரியை விடைத்தாளோடு நிறுத்தாமல், ஆறாம் வாரத் தொடக்கத்தில் மூன்று சிறு சோதனைகள் வைத்தார். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல் போகவில்லை.

முதல் சோதனை நோட்டின் வரிசையில் ஒப்பிப்பது. முதல் அங்கத்தின் 17 மேற்கோள்களில் 15 வந்துவிட்டன.

இரண்டாவது சோதனையில் வரிசையை எடுத்துவிட்டார். “கணவன் மனைவியிடம் ஒன்றை மறைக்கிற இடம் எது? அங்கே அவன் என்ன சொல்கிறான்?” என்று கேட்டார். மாணவியின் உதடுகள் அசைந்தன. “என்ன சொல்லிப் பார்க்கிறாய்?” என்றதும், “முதல் காட்சியிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன் மிஸ், இன்னும் மூன்றாம் அங்கம் வரவில்லை” என்றார். இப்படிக் கேட்ட பத்துக் கேள்விகளில் நான்குக்குத்தான் விடை வந்தது. அந்த நான்கிலும் அரை நிமிடத்துக்கு மேல் ஆனது.

வரிசையில் உருப்போடும்போது ஒவ்வொரு வரிக்கும் முந்தைய வரிதான் எடுத்துக்கொடுக்கும் கயிறு. பாடலின் நடுவிலிருந்து ஓர் அடியைக் கேட்டால் முதலிலிருந்து பாடிப் பார்க்கிறோமே, அதுதான் இது. வினாத்தாள் அந்தக் கயிற்றைத் தருவதில்லை. பாத்திரத்தின் பெயரையும் ஒரு கருப்பொருளையும்தான் தருகிறது. மாணவியின் நினைவில் அந்த இரண்டிலிருந்தும் மேற்கோளுக்குப் பாதையே போடப்படவில்லை.

மூன்றாவது, எழுதச் சொல்லும் சோதனை. வாயால் சொல்லி முடித்த எட்டு மேற்கோள்களைத் தாளில் எழுதச் சொல்லி, நூலோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டார்கள். ஐந்தில் பிழை. ஆனால் பிழைகள் கண்டபடி வரவில்லை. கணவனுக்கு மனைவி சொல்லும் அறிவுரை நூலில் “லுக் லைக் தி இன்னசன்ட் ஃப்ளவர், பட் பி த சர்பன்ட் அண்டர்ட்” என்று இருக்கிறது. மாணவி சர்பன்ட்டுக்குப் பதில் ஸ்னேக் என்று எழுதியிருந்தார். நோட்டில் அதன் கீழே “வெளியே பூவாக, உள்ளே பாம்பாக இரு” என்று தமிழில் இருந்தது. நினைவில் தங்கியது அந்தப் ‘பாம்பு’. தேர்வில் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பியபோது கைக்கு முதலில் வந்த சொல் ஸ்னேக். இன்னொரு வரியில் ‘டீட்’ என்பது ‘ஆக்‌ஷன்’ ஆகியிருந்தது. அங்கும் நோட்டில் ‘செயல்’ என்றுதான் இருந்தது.

வாக்கியத்தின் பொருள் மனதில் நிற்கும், அதன் சொல்லமைப்பு விரைவில் கரையும் என்பதை 1967-இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் சோதனை மூலம் காட்டியிருக்கிறார். தாய்மொழியில் கேட்பவருக்கே அப்படி. பொருளை ஒரு மொழியிலும் சொல்லை இன்னொரு மொழியிலும் வைத்துக்கொள்பவருக்கு இழப்பு இன்னும் கூடும். பொருள் எழுதிப் படிப்பதைக் குறை சொல்ல முடியாது. அது இல்லாமல் மேக்பெத்தின் மொழிக்குள் நுழையவே முடியாது. மேற்கோளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் அதே இடத்தில் பொருளும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததுதான் கோளாறு.

பாத்திரக் குறிப்புகளைப் பற்றித் தனியே சோதனை தேவைப்படவில்லை. ‘வீரன்’, ‘கொடியவன்’ இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன. எது முதலில், எது பிறகு, எதனால் மாறினான் என்பதற்கு அங்கே இடமே இல்லை. கேள்வியோ மாற்றத்தைத்தான் கேட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*எண்ணிக்கையைக் குறைப்பது.* 112 மேற்கோள்கள் 38 ஆயின: மேக்பெத்துக்கு 20, அனிமல் ஃபார்முக்கு 12, கவிதைகளுக்கு 6. மாணவிக்கு இது உவப்பாக இல்லை. ஐந்து வார உழைப்பைத் தூக்கிப்போடுவதாக அவருக்குத் தோன்றியது. 45 நிமிடக் கட்டுரையில் எட்டு அல்லது ஒன்பது மேற்கோளுக்கு மேல் விளக்கத்தோடு கையாள முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு இரண்டே அளவுகோல்கள். ஒரு மேற்கோள் குறைந்தது இரண்டு வகைக் கேள்விகளுக்குப் பயன்பட வேண்டும். அதில் நின்று பேசுவதற்கு ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அரசன் டங்கனைக் கொன்ற இரவில் மேக்பெத், நெப்ட்யூனின் பெருங்கடல் முழுவதும் சேர்ந்தாலும் இந்த இரத்தத்தைக் கையிலிருந்து கழுவுமா என்று கேட்கிறான். சற்று நேரத்தில் மனைவி வந்து, “எ லிட்டில் வாட்டர் கிளியர்ஸ் அஸ் ஆஃப் திஸ் டீட்” என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் அவளே தூக்கத்தில் நடந்துகொண்டு, “ஆல் த பெர்ஃப்யூம்ஸ் ஆஃப் அரேபியா வில் நாட் ஸ்வீட்டன் திஸ் லிட்டில் ஹேண்ட்” என்று புலம்புகிறாள். இந்த மூன்றும் கையில் இருந்தால் குற்ற உணர்வு, மேக்பெத், அவன் மனைவி, இருவர் உறவு என நான்கு கேள்விகளைச் சமாளிக்கலாம். ‘லிட்டில்’ என்ற சொல் இரண்டாம் வரியில் தண்ணீரோடு நிற்கிறது, மூன்றாம் வரியில் கையோடு. அன்று கொஞ்சம் தண்ணீர் போதும் என்றவளின் சின்னக் கைக்கு இன்று அரேபியாவின் அத்தனை வாசனைத் திரவியமும் போதவில்லை. இதைப் பார்த்துவிட்ட மாணவிக்கு அந்தச் சொல் மறக்காது, கட்டுரையில் எழுத ஒரு கருத்தும் கிடைத்துவிடும்.

நீளமான மேற்கோள்களும் வெட்டப்பட்டன. ஐந்து வரித் தனிமொழிக்குப் பதில் ‘வால்ட்டிங் ஆம்பிஷன்’ என்ற இரண்டு சொல் போதும். அதைத் தன் வாக்கியத்துக்குள்ளேயே பொருத்தி எழுதிவிடலாம். எட்டுச் சொல்லுக்கு மேல் போகும் வரிகளில் நான்கை மட்டும் விட்டுவைத்தார்கள்.

*பாத்திரங்களைத் தருணங்களாக எழுதுவது.* பண்புச் சொற்கள் நீக்கப்பட்டன. மேக்பெத்துக்கு ஆறு தருணங்கள்: மேடைக்கு வருமுன்பே போர்க்களத்திலிருந்து வந்தவன் அவனை வீரன் என்று புகழ்வது; டங்கனைக் கொல்லுமுன் பின்வாங்குவது; கொன்ற உடனே கையைப் பார்த்து அலறுவது; நண்பன் பாங்க்வோவின் கொலையை மனைவிக்குச் சொல்லாமல் ஏற்பாடு செய்வது; மனைவி இறந்த செய்தியை வெறுமையோடு வாங்கிக்கொள்வது; கடைசியில் டங்கனின் மகன் மால்கம் வாயால் ‘டெட் புட்சர்’ ஆவது. ஒவ்வொன்றுக்கும் “முன்பு இப்படி, இப்போது இப்படி, ஏனென்றால்” என்ற வடிவில் ஒரே ஒரு வாக்கியம். மேற்கோள்கள் அந்தத் தருணங்களில் தொங்கவிடப்பட்டன. வகுப்புத் தேர்வில் கவிழ்த்த உறவுக் கேள்விக்கு இப்போது மூன்று கொக்கிகள் கிடைத்தன. கடிதத்தில் அவளை “மை டியரஸ்ட் பார்ட்னர் ஆஃப் கிரேட்னஸ்” என்கிறான். மூன்றாம் அங்கத்தில் “பி இன்னசன்ட் ஆஃப் த நாலெட்ஜ், டியரஸ்ட் சக்” என்று கொஞ்சலோடு ஒதுக்கிவைக்கிறான். ஐந்தாம் அங்கத்தில் “ஷி ஷுட் ஹாவ் டைட் ஹியராஃப்டர்” என்பதோடு அவளைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ‘டியரஸ்ட்’ இரண்டு இடத்தில் வருகிறது. முதலில் அவள் பங்காளி, பிறகு ஒன்றும் தெரியக்கூடாத குழந்தை, கடைசியில் பெயர்கூட இல்லாத ‘அவள்’.

*அட்டையின் இரண்டு பக்கங்கள்.* ஒரு மேற்கோளுக்கு ஓர் அட்டை. முன்பக்கத்தில் அங்கம், காட்சி எண் எழுதவில்லை. தேர்வில் எண் கேட்பதில்லை. “பாங்க்வோ கொலைக்கு முன், மனைவியிடம் மறைக்கிறான், உறவு விரிசல்” என்பது போல ஆள், இடம், எதை நிறுவும் என்ற மூன்றும் இருந்தன. பின்பக்கத்தில் ஆங்கில வரி, அதில் பேச வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு, அவ்வளவுதான். தமிழ்ப் பொருளை முதல் நாள் ஒருமுறை பேசி முடித்துவிட்டு, அட்டைக்குள் வரவிடாமல் தடுத்தார்கள்.

*எழுதிப் பார்த்தால்தான் கணக்கு.* முன்பக்கத்தைப் பார்த்து, கையால் எழுதி, பிறகுதான் திருப்ப வேண்டும். ஒரு சொல் மாறினாலும் தவறு. அட்டைகள் மூன்று பெட்டிகளில் இருந்தன. முதல் பெட்டி நாள்தோறும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாக வந்தால் அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1970-களில் பரவலாக்கிய முறை இது. ஒரு நாளுக்கு 20 நிமிடம் என்று வரம்பும் வைத்தார்கள்.

திரும்பப் படிப்பதை ஏன் விடச் சொன்னார்கள் என்பதற்கு 2006-இல் ரோடிகரும் கார்பிக்கும் வெளியிட்ட சோதனை நல்ல விளக்கம். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததில், பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்தினார்கள். படித்த மாலையே “எல்லாம் வருகிறது” என்று மாணவிக்குத் தோன்றியது பொய்யில்லை. அது அந்த மாலைக்கு மட்டும் உண்மை.

*அசை எண்ணுதல்.* மேக்பெத்தின் பெரும்பகுதி வரிக்குப் பத்து அசை என்ற யாப்பில் ஓடுகிறது. சொல் தவறினால் பெரும்பாலும் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். முதல் அங்கத்தின் கடைசி வரி “ஃபால்ஸ் ஃபேஸ் மஸ்ட் ஹைட் வாட் த ஃபால்ஸ் ஹார்ட் டத் நோ”. சரியாகப் பத்து அசை. மாணவி முன்பு எழுதியிருந்தது “வாட் எ ஃபால்ஸ் ஹார்ட் நோஸ்”. விரலில் எண்ணினால் ஒன்பதுதான் வரும். இது சந்தேகத்தைக் கிளப்பும் கருவி மட்டுமே. பதினோரு அசை வரிகளும் நாடகத்தில் உண்டு. தூக்கத்தில் நடக்கும் காட்சியோ உரைநடையில் இருக்கிறது, அங்கே விரல் உதவாது.

*அனிமல் ஃபார்ம்.* இந்த நூல் முழுக்க உரைநடை. ஆனாலும் நினைவில் வைப்பது எளிதாகவே இருந்தது. பண்ணையை ஆளும் பன்றிகள் விலங்குகளுக்கான கட்டளைகளைத் திருத்தும்போது ஒவ்வொன்றின் வாலிலும் இரண்டு சொற்களை ஒட்டுகின்றன. படுக்கையில் தூங்கக் கூடாது என்பதோடு ‘வித் ஷீட்ஸ்’, வேறு விலங்கைக் கொல்லக் கூடாது என்பதோடு ‘விதவுட் காஸ்’, மது அருந்தக் கூடாது என்பதோடு ‘டு எக்ஸஸ்’. ஆகவே அட்டையில் ஒட்டிய சொற்களை மட்டும் எழுதி, முன்பக்கத்தில் நிகழ்வைக் கேட்டார்கள்: பன்றிகள் பண்ணை வீட்டில் குடியேறுவது, முற்றத்தில் நடந்த கொலைகள், விஸ்கி. மூன்று மேற்கோளுக்கு ஆறே சொல். கட்டளையின் சொற்கள் சரியாக நினைவில்லாததால்தான் அந்த விலங்குகள் ஏமாறுகின்றன என்பதை ஆசிரியை சுட்டிக்காட்டியபோது மாணவி சிரித்துவிட்டார். அந்தக் கருத்து பிறகு அவர் கட்டுரையிலும் வந்தது.

எட்டாம் வாரச் சிக்கல்

ஏழாம் வாரம் நன்றாகப் போனது. எட்டாம் வாரம் மேக்பெத் அட்டைகளில் பதினான்கு மூன்றாம் பெட்டிக்குப் போயிருந்தன. எதிர்பார்த்ததைவிட விரைவு என்பதால் ஆசிரியை அட்டைகளைக் கலைத்துப்போட்டுக் கேட்டார். ஒன்பதுதான் வந்தது.

இரண்டு காரணங்கள் தெரிந்தன. மாணவி அட்டைகளைக் குலுக்காமல் செய்த வரிசையிலேயே எடுத்துவந்திருந்தார். பழைய நோட்டின் வரிசை அட்டை வடிவில் திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது, நேரம் மிச்சப்படுத்த எழுதுவதை விட்டு, மனதுக்குள் சொல்லித் திருப்பிப் பார்த்து, “ஆமாம், இதைத்தான் நினைத்தேன்” என்று அடுத்த பெட்டியில் போட்டிருந்தார். திருப்பிப் பார்க்கும்போது விடை பழக்கப்பட்டதாகத் தெரியும். தேர்வறையில் திருப்ப அட்டை இருக்காது. அன்றிலிருந்து குலுக்கிய பின்னரே தொடங்குவது, எழுதிய தாளை வார முடிவில் காட்டுவது என்று ஏற்பாடானது.

கலைத்துக் கேட்டதில் வேறு ஒரு பிழையும் வெளிவந்தது. “ஆல் த பெர்ஃப்யூம்ஸ் ஆஃப் அரேபியா வில் நாட் வாஷ்...” என்று எழுதியிருந்தார். கணவனின் கடல் வரியும் மனைவியின் வாசனை வரியும் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன. இரண்டும் இரத்தம், இரண்டும் கை, இரண்டும் போகாத குற்றம். ஒத்த வரிகளை ஒரே நாளில் கற்றால் இப்படி நேரும். மேற்கோள்களைத் தேர்ந்தபோது பலமாக இருந்த ஒற்றுமையே இங்கே கால்வாரிவிட்டது.

பலமுறை எழுதவைத்துத் திருத்தும் வழியை ஆசிரியை தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்து, “அவனுக்கு எது உறுத்துகிறது, அவளுக்கு எது?” என்று கேட்டார். மேக்பெத் கையைப் பார்க்கிறான், கண்ணில் படுவது கறை. கறையைக் கழுவ வேண்டும், அதற்குத் தண்ணீர், அதனால் கடல், அதனால் ‘வாஷ்’. அவள் வாசனை வரிக்குச் சற்று முன் இரத்தத்தின் நாற்றம் இன்னும் வீசுகிறதே என்கிறாள். நாற்றத்தைப் போக்க மணம் வேண்டும், அதனால் பெர்ஃப்யூம், அதனால் ‘ஸ்வீட்டன்’. வினைச்சொல் ஏன் அதுவாகத்தான் இருக்க முடியும் என்று விளங்கிய பிறகு அந்த இரண்டு வரியும் பருவ முடிவு வரை குழம்பவில்லை. ‘சர்பன்ட்’ அட்டைக்கும் இதே வைத்தியம்தான். ஏதேன் தோட்டத்துக் கதையில் வரும் பாம்புக்குரிய ஆங்கிலச் சொல் அது, ஸ்னேக் என்றால் அந்த நிழல் விழாது என்று தெரிந்ததும் சொல் நிலைத்தது.

பத்தாம் வாரத்துக்குப் பின்

அட்டை முறை மேற்கோளைத் தரும், கட்டுரையைத் தராது. பத்தாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், அட்டைகளுக்குப் பதில் பழைய கேள்வி ஒன்றை எடுத்து, வெற்றுத்தாளில் ஐந்து நிமிடத்துக்குள் தருணங்களையும் அவற்றுக்குரிய மேற்கோள்களையும் மட்டும் எழுதினார். பிறகு அதில் ஒன்றை எடுத்து ஒரு பத்தி. மேற்கோளை வாக்கியத்தின் நடுவில் பொருத்துவது, அடிக்கோடிட்ட சொல்லைப் பற்றி இரண்டு வாக்கியமாவது பேசுவது, கேள்விக்குத் திரும்புவது.

முதல் மூன்று தாள்களில் ஒரு பழக்கம் தெரிந்தது. எந்தக் கேள்வியானாலும் அதே கடல், தண்ணீர், வாசனை மூன்றும் வந்து நின்றன. அரசாட்சியைப் பற்றிய கேள்விக்குக்கூட. நன்றாகத் தெரிந்த மேற்கோள் கேட்காமலே கைக்கு வரும். ஒரு மேற்கோளைச் சேர்க்குமுன் அதன் முன்பக்கத்தில் எழுதியிருந்த மூன்றாவது குறிப்பு, அதாவது எதை நிறுவும் என்பது, கேள்வியோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். இது முழுதாகத் திருந்தவில்லை, குறைந்தது.

விளைவு

பன்னிரண்டாம் வார மாதிரித் தேர்வில் மேக்பெத் கட்டுரைக்கு 30-க்கு 22. எட்டு மேற்கோள்கள், ஏழு சொல்லுக்குச் சொல் சரி. அனிமல் ஃபார்ம் கட்டுரைக்கு 21. அதில் பாக்ஸரை வெறும் விசுவாசியாகக் காட்டாமல், “ஐ வில் ஒர்க் ஹார்டர்” என்பதோடு தலைமைப் பன்றியைப் பற்றிய “நெப்போலியன் இஸ் ஆல்வேஸ் ரைட்” என்பதையும் அவன் சேர்த்துக்கொள்வதையும், இறுதியில் அவனை விற்றுவிடுவதையும் இணைத்து எழுதியிருந்தார்.

கவிதைப் பகுதி 14-இல் நின்றது. ஆறு மேற்கோள்களும் சரியாகவே வந்தன. ஆனால் அங்கே கேள்வி இரண்டு கவிதைகளை ஒப்பிடச் சொன்னது. அட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு கவிதைக்குத் தனித்தனியாக இருந்தன. எந்த இரண்டைச் சேர்ப்பது, எந்தப் புள்ளியில் சேர்ப்பது என்பது எங்கேயும் பழகப்படவில்லை. இது திட்டத்தின் குறை. மாணவியின் குறை அல்ல.

இறுதித் தேர்வு முடிந்த மாலை, தான் எழுதிய மேற்கோள்களை நினைவிலிருந்து எழுதித் தந்தார். மூன்று பகுதிக்கும் சேர்த்து 19. அவருடைய பட்டியல்படி ஒன்றில்தான் பிழை, அது 38 அட்டைகளில் இல்லாதது. முந்திய இரவு தோழி ஒருவரின் தாளிலிருந்து ஆறு புதிய மேற்கோள்களைப் படித்திருக்கிறார். அதில் சூனியக்காரிகளின் வரி “பபுள், பபுள்” என்று தொடங்கியிருந்தது. நாடகத்தில் அது “டபுள், டபுள், டாயில் அண்ட் ட்ரபிள்”. ஊரெல்லாம் தவறாகச் சொல்லும் வரி அது. தோழியும் நூலைப் பார்த்து எழுதியிருக்கவில்லை.

இன்னொருமுறை செய்தால் மாற்றுபவை

அந்த மூன்று பத்து நிமிடச் சோதனைகளை இரண்டாம் வாரத்திலேயே வைத்திருக்கலாம். பத்து மேற்கோள் படித்த உடனேயே, வரிசை கலைத்துக் கேட்டிருந்தால் 112 வரை போயிருக்கத் தேவையில்லை.

அட்டைகளை எழுதி முடிக்க மட்டும் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆனது, அதுவும் ஒரே வார இறுதியில். அலங்காரமாக மூன்று நிற மையில் எழுதினார். சில அட்டைகளை அவர் நிறத்தை வைத்தே அடையாளம் கண்டார் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. ஒரே நிறம், ஒரு நாளைக்கு நான்கு அட்டை என்று வைத்திருந்தால் எழுதும் நாளே கற்கும் நாளாகவும் ஆகியிருக்கும். ஒத்த வரிகளையும் அப்போது தள்ளித்தள்ளி வைத்திருக்கலாம். கடல் வரியைக் கற்று ஒரு வாரம் கழித்து வாசனை வரி.

கவிதைகளுக்குத் தனி அட்டை போடாமல் இணை அட்டை போட வேண்டும். முன்பக்கத்தில் ஒப்பிடும் புள்ளி, பின்பக்கத்தில் இரண்டு கவிதையிலிருந்தும் ஒவ்வொரு துண்டு. ஆறு மேற்கோள் என்பதைப் பத்தாக்கி, அந்த இடத்தை மேக்பெத்திடமிருந்து எடுக்கலாம். கடைசித் தேர்வில் மேக்பெத்தின் 20 அட்டைகளில் எட்டுதான் பயன்பட்டன. மாதிரித் தேர்விலும் ஏறக்குறைய அதே எட்டு.

கடைசி நான்கு நாட்களில் புதிய மேற்கோள் எதுவும் சேர்ப்பதில்லை என்று முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். யாருடைய தாளிலிருந்து வந்தாலும் ஒரு வரி அட்டையில் ஏறுமுன் நூலைத் திறந்து ஒப்பிட வேண்டும். மாணவியின் சொந்த நோட்டிலேயே முதலில் தவறாக எழுதிக்கொண்டு, அந்தத் தவறையே ஐந்து வாரம் உருப்போட்ட மேற்கோள்கள் நான்கு இருந்தன. அவற்றை அவிழ்க்கத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது.